டிபென்ச்சர் முதிரும்போது பணம் எங்கிருந்து வரும்? 15 சதவீத விதியும் சிங்கிங் ஃபண்டும்

கப்பலூர் சிட்கோவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாதது, நிதி நிறுவனமும் அல்ல. 1.4.2026 அன்று 50 லட்ச ரூபாய்க்கு, பங்காக மாற்ற முடியாத டிபென்ச்சர் என்னும் கடன் பத்திரம் வெளியிட்டு, 31.3.2031 அன்று திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 71(4)-இன்படி லாபத்திலிருந்து ஒரு மீட்பு இருப்பை (டி.ஆர்.ஆர்.) ஒதுக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு விதிகளின் 18(7), இத்தகைய கம்பெனிக்கு அதை நிலுவையில் 10 சதவீதம் என்கிறது. இங்கே 5 லட்சம். ஆனால் இது வெறும் கணக்கேட்டுப் பதிவு. பணம் தொழிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நிஜப் பணமாகக் கேட்பது இன்னொரு தொகை. டிபென்ச்சர் முதிரும் நிதியாண்டின் ஏப்ரல் 30-க்குள், முதிரும் தொகையில் 15 சதவீதத்தை ஷெட்யூல்டு வங்கி வைப்பிலோ அரசுப் பத்திரம் போன்ற அனுமதிக்கப்பட்ட முதலீட்டிலோ போட்டிருக்க வேண்டும். நம் கம்பெனிக்கு 30.4.2030-க்குள் ஏழரை லட்சம்.

மீதி 42.5 லட்சம் எங்கிருந்து வரும் என்று சட்டம் கேட்பதில்லை. அதற்குத்தான் சிங்கிங் ஃபண்ட், திருப்பித் தர வேண்டிய முழு 50 லட்சத்தையும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும் நிதி. அந்த ஏழரை லட்சமும் இதற்குள்ளேயே அடங்கும்.

ஒவ்வொரு மார்ச் 31-லும் ஒரே தொகையைப் போட்டு, 7 சதவீத ஆண்டுக் கூட்டு வட்டி கிடைத்தால் தவணை இப்படி வரும்:

```
தவணை = 50,00,000 × 0.07 ÷ (1.07^5 − 1) = 8,69,453
```

முதல் தவணைக்கு நான்கு வருட வட்டி. கடைசித் தவணைக்கு வட்டியே கிடையாது, அது போட்ட அன்றே எடுக்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் நிதி 17,99,768. நான்காம் ஆண்டு முடிவில் 38,60,322. ஐந்தாம் ஆண்டு வட்டி 2,70,223-ம் கடைசித் தவணையும் சேர்ந்தால் 49,99,998. பைசாவை விட்டதில் குறைந்த இரண்டு ரூபாயைக் கையிலிருந்து போட்டுவிடலாம். ஐந்து தவணையிலும் போட்டது 43,47,265. மீதியை வட்டி சுமக்கிறது.

கணக்கு பெரும்பாலும் சறுக்குவது வரியில். வங்கி வட்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துவிட்டு மீதியைத்தான் வைப்பில் சேர்க்கும். கையில் நிற்பது 6.3 சதவீதம், அதே தவணையைக் கட்டினால் கடைசியில் சுமார் 69,000 ரூபாய் துண்டு விழும். பிடித்த தொகையை ஆண்டுதோறும் நிதியில் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் தவணையையே சுமார் 8,81,700 ஆக்க வேண்டும். வட்டியை மாதாமாதம் நடப்புக் கணக்குக்கு வரவைத்தாலும் இதே கதிதான், இன்னும் மோசமாக. வட்டி வைப்பிலேயே சேரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதிர்வுத் தேதி 31.3.2031-ஐத் தாண்டவும் கூடாது.

இன்னொன்று, வைப்பு ரசீதைக் காட்டி ஓவர்டிராஃப்ட் எடுத்தால் வங்கி அதன்மேல் உரிமைப் பதிவு போட்டுவிடும். விதியோ அந்த 15 சதவீதம் எந்தப் பிணையும் இல்லாத வைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நிதியில் 38 லட்சம் இருந்தும், முழு ரசீதும் பிணையில் கிடந்தால் ஏழரை லட்சம்கூடக் கணக்கில் வராது. ஆகவே ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒரு தனி ரசீதைத் தொடாமல் வைப்பது நல்லது. வங்கியிடம் பிணையில்லை என்று எழுத்தில் வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை டிபென்ச்சர் மீட்பைத் தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது, கூலி நாளானாலும் சரி.