முதலீட்டாளருக்கு மாத மடல்: கையிருப்பும் கவலையும் முதல் வரியிலேயே வரட்டும்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துச் சிறு ஸ்டார்ட்அப்களுக்குக் கணக்கும் முதலீட்டாளர் அறிக்கையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் மாத மடல்களில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருக்கும். முதலில் நன்றி, அப்புறம் கண்காட்சியில் கடை போட்ட படம், புது லேபிள், புது ஆள். பணம் எவ்வளவு இருக்கிறது என்பது எங்கோ கீழே கிடக்கும். கொச்சியில் இருக்கும் முதலீட்டாளர் அதைப் போனில், இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் திறக்கிறார். திரையில் முதலில் தெரிவதைப் படிப்பார். மிச்சத்தை ராத்திரி பார்க்கலாம் என்று மூடிவிடுவார்.

இளநீரைப் பாட்டிலில் அடைத்துப் பாலக்காடு, கொச்சி, கோவைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் மே மாத மடலை எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனர் எழுதியிருந்தது: "மே மாத விற்பனை 22 லட்சம், இதுவரை இல்லாத உச்சம். கையில் ஏழரை மாதத்துக்குப் பணம் இருக்கிறது." அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டு வாக்கியமுமே தவறான படத்தைத் தந்தன.

22 லட்சம் என்பது பில் போட்ட தொகை. பாட்டில் இளநீர் சீக்கிரம் கெடும் சரக்கு. கடைகள் திருப்பி அனுப்பியதும் தள்ளுபடியும் சேர்ந்து 3 லட்சம். ஆக, நிகர விற்பனை 19 லட்சம். செலவு 23 லட்சம், நட்டம் 4 லட்சம். கையிருப்பு 30 லட்சத்தை 4 லட்சத்தால் வகுத்துத்தான் ஏழரை மாதம் என்று எழுதியிருந்தார். ஆனால் அந்த 19 லட்சத்தில் பாதிக்கு மேல் கடன் விற்பனை. பழைய பாக்கியையும் சேர்த்து அந்த மாதம் வங்கிக்கு வந்தது 17 லட்சம்தான். செலவு முழுவதும் ரொக்கமாகப் போனது. அப்படியானால் மாதம் கரைவது 6 லட்சம், தாங்குவது ஐந்து மாதம். முந்தைய இரண்டு மாதங்களும் ஏறக்குறைய இப்படியே இருந்ததால் இந்த 6 லட்சத்தை நம்பலாம். மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கினால் மூன்று மாதச் சராசரியை எடுக்க வேண்டும்.

அடுத்தது ரிஸ்க். "அதை மேலயே போட்டா பயந்துருவாங்களேக்கா" என்றார் நிறுவனர். உண்மையான ரிஸ்க் இரண்டு இருந்தன. வரும் 17 லட்சத்தில் 6 லட்சம் ஒரே சூப்பர்மார்க்கெட் குழுமத்திடமிருந்து வருகிறது. அவர்கள் ஒரு மாதம் கொடுக்காவிட்டால் அந்த மாதம் கரைவது 12 லட்சம். மிச்சம் 18 லட்சம், இன்னும் மூன்று மாதம்தான் வரும். பாக்கி பின்னால் வந்து சேரும்வரை ஐந்து மாதம் நாலாகிவிடுகிறது. இன்னொன்று ஜூன் மழை. பாலக்காட்டு வெயிலில் ஓடிய விற்பனை மழை பிடித்ததும் படுத்துவிடும். மே உச்சத்தைக் கொண்டாடிவிட்டு ஜூலை மடலில் சரிவைச் சொன்னால், அதற்கு அப்புறம் நீங்கள் எழுதும் எந்த எண்ணையும் முதலீட்டாளர் சந்தேகத்தோடுதான் படிப்பார். முன்கூட்டியே சொன்ன சரிவு திட்டத்தின் பகுதியாகிவிடும். அதனால்தான் மே விற்பனையை ஏப்ரலோடு மட்டும் ஒப்பிடாமல் போன வருஷ மே மாதத்தோடும் ஒப்பிடச் சொன்னேன்.

மாற்றி எழுதிய மடலின் தொடக்கம், தமிழில்:

"கையிருப்பு 30 லட்சம். மாதம் கரைவது 6 லட்சம், ஐந்து மாதம் தாங்கும். நிகர விற்பனை 19 லட்சம். திரும்பி வந்த சரக்கும் தள்ளுபடியும் 3 லட்சம்.

உதவி: கொச்சியில் ஹோட்டல்களுக்குக் கொள்முதல் பார்ப்பவர்கள் இருவரிடம் ஜூன் 20க்குள் அறிமுகம் வேண்டும். அப்படியே அனுப்பக்கூடிய ஒரு பத்தி கீழே இருக்கிறது.

ரிஸ்க்: வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து. ஜூன் 10க்குள் பணம் வராவிட்டால் அவர்களுக்குப் புதுச் சரக்கைப் பாதியாகக் குறைப்போம். மழை மாதங்களில் விற்பனை குறையும். அதற்கேற்ப இரண்டாவது ஷிஃப்டை ஜூன் 1 முதல் நிறுத்துகிறோம்."

லேபிளும் கண்காட்சியும் இதற்குக் கீழே வந்தால் போதும்.

உதவி கேட்கும் வரியைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். "ஏதாவது உதவி கிடைத்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள், என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. யாரிடம் அறிமுகம், எந்தத் தேதிக்குள் என்று இருந்தால் ஒரு நிமிட வேலை. ஹோட்டல் துறையில் இருந்த முதலீட்டாளர் ஒருவர் இருக்கிறார் என்றால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி போடுங்கள். எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

ஒருமுறை மேலே வைத்த எண்களை அடுத்தடுத்த மாதமும் அதே வரிசையில், அதே கணக்கு முறையில், போன மாதத்தையும் பக்கத்தில் வைத்துத் தாருங்கள். திரும்பி வந்த சரக்கு கூடிய மாதம் அந்த வரி மட்டும் காணாமல் போனால் அனுபவமுள்ளவர் உடனே கண்டுபிடிப்பார். கணக்கு முறையை மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றியதை அந்த வரியிலேயே சொல்லி, பழைய முறைப்படி வரும் எண்ணையும் ஒரு மாதம் சேர்த்துக் கொடுங்கள்.