இலக்க ஒருசீராக்கம்

ஒரே நெடுவரிசையில் ௧௨ என்றும் 15 என்றும் கலந்து கிடப்பவற்றை, மதிப்பு மாறாமல் ஒரே வகைக் குறிகளுக்குக் கொண்டுவருவதைக் கணினித் துறையில் ‘நார்மலைசேஷன்’ என்பார்கள். அதன் வேரான ‘நோர்மா’ என்னும் இலத்தீன் சொல் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. தமிழில் ‘இயல்பாக்கம்’ வழங்குகிறது என்றாலும், தரவுத்தள அட்டவணைகளைப் பிரித்து அமைப்பதற்கும் அதே சொல்லே பயன்படுவதால் மயக்கம் நேர்கிறது. ‘தரப்படுத்தல்’ என்றாலோ, இலங்கைத் தமிழர் பலருக்கு 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறைதான் நினைவுக்கு வரும். இங்கே மாறுவது எண் அன்று, அதை எழுதும் குறி மட்டுமே என்பதால் ‘இலக்க ஒருசீராக்கம்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது.

நெல் மூட்டைக் கணக்கு ஒன்றில் ௧௨, 15, ௨௰௫, 40 என நான்கு பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். தமிழ் இலக்கங்கள் உரையாகவே நிற்கும் விரிதாளில் `SUM` அவற்றைப் பிழைச்செய்தி எதுவுமின்றித் தாண்டிச் சென்று 55 என்று காட்டும்; சரியான கூட்டுத்தொகை 92. `COUNTA` 4 என்றும் `COUNT` 2 என்றும் காட்டினால், இரண்டு கட்டங்கள் கணக்கில் சேரவில்லை என்று அறியலாம்.

பைத்தானில் மாற்றம் ஒரே வரியில் முடியும்:

```
s.translate(str.maketrans("௦௧௨௩௪௫௬௭௮௯", "0123456789"))
```

ஒருங்குறியின் `NFKC` முறைக்கும் நார்மலைசேஷன் என்றுதான் பெயர். ஆனால் அது ௧ என்பதை 1 ஆக்காது, அப்படியே விட்டுவிடும்.

மேற்கண்ட வரி ௧௨ஐ 12 ஆக்கிவிடும். ௨௰௫ மட்டும் ‘2௰5’ என்று பாதியில் நிற்கும், ஏனெனில் ௰ இடமதிப்பு இலக்கம் அன்று; பத்து என்னும் மதிப்பையே குறிக்கும் தனிக்குறி. பழைய முறையில் இதை இரண்டு பத்தும் ஐந்தும், அதாவது 25, என்று படிக்க வேண்டும். அவசரப்பட்டு ௰ இருக்குமிடத்தில் 10 என்று இட்டால் 2105 ஆகும், 0 இட்டால் 205 ஆகும். இரண்டும் எண்ணாகவே தோன்றுவதால் தவறு கண்ணில் படாது. பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றைக் குறிக்கும் ௰, ௱, ௲ உள்ள கட்டங்களைத் தனியே பிரித்து, பத்தாயிரத்துக்குக் குறைந்த எண்களில் குறிக்கு முன்னுள்ள இலக்கத்தால் அதைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். முன்னே இலக்கம் இல்லையெனில் ஒன்று என்று கொள்ள வேண்டும்.

இதைவிடத் தொல்லை தருவது எழுத்து மயக்கம். தமிழ் இலக்கத்துக்கு விசை கிடைக்காத தட்டச்சர் ௧௨ என்பதற்கு ‘கஉ’ என்று அடித்துவிடுவார். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் க என்பது `U+0B95`, ௧ என்பது `U+0BE7`. நெடுவரிசை முழுவதும் ‘க’ என்பதை 1 ஆக மாற்றினால் ‘கடன்’ என்ற குறிப்பும் ‘1டன்’ ஆகிவிடும். ஆகவே மூலநெடுவரிசையைத் தொடாமல் பக்கத்தில் புதியதொன்றில் மாற்றி, எண்ணாக மாறாத கட்டங்களை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்துவதே நான் கையாளும் வழி.