ஏழு மாதக் குழந்தைக்கு நான்கு மாத விளையாட்டு

சென்ற வாரம் என் சிகிச்சை அறைக்கு வந்த ஒரு குடும்பம், தங்கள் மகள் வாக்கரில் நிற்கும் காணொளியைப் பெருமையோடு காட்டியது. இந்த மாதத்தில் நான் பார்த்த மூன்றாவது வாக்கர் காணொளி அது. குழந்தையின் மாமா தீபாவளிக்கென்று சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கி வந்த பரிசாம். பிறந்து 30 வாரம் ஆகியிருந்த அந்தப் பெண் குழந்தை, கால் விரல் நுனிகள் மட்டும் தரையைத் தொட, முதுகை வில்லாக வளைத்து, தோள்களைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு நின்றது. “பாருங்கள் டாக்டர், குறைமாதத்தில் பிறந்தாலும் காலில் எவ்வளவு பலம்!” என்றார் பாட்டி. நான் மருத்துவர் அல்லர், இயன்முறை சிகிச்சையாளர் என்று திருத்துவதற்கு முன்னால், அது பலம் அன்று என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வயதுக் கணக்கு. இந்தக் குழந்தை 28 வாரத்தில் பிறந்தது. முழுக் கர்ப்பகாலம் 40 வாரம் என்பதால் 12 வாரம் முந்திவிட்டது. இன்றைய 30 வாரத்திலிருந்து அந்த 12 வாரத்தைக் கழித்தால் 18 வாரம் வரும். பிறந்த தேதிப்படி ஏறக்குறைய ஏழு மாதமானாலும், வளர்ச்சிக் கணக்கில் அவளுக்கு நான்கு மாதம்தான். இதைத் திருத்திய வயது என்கிறோம். தலை நிற்பது, கவிழ்வது, உட்காருவது, விளையாடுவது ஆகிய எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு, அதைத் தள்ளிப் போடாதீர்கள். பொம்மைப் பெட்டியில் ‘6 மாதம் முதல்’ என்று அச்சிட்டிருப்பது நிறைமாதத்தில் பிறந்த குழந்தையை மனத்தில் வைத்து எழுதியது.

இப்போது அந்தக் ‘கால் பலம்’ பற்றி. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாரந்தோறும் யாராவது ஒருவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. கருப்பையின் கடைசி மூன்று மாதங்களில் இடம் நெருக்கடியாக இருப்பதால் குழந்தை முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, உடலைச் சுருட்டிக்கொண்டுதான் இருக்கும். பிறந்த பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோவதற்கும், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்ப்பதற்கும், பாதத்தைப் பிடிப்பதற்கும் அந்தச் சுருளல்தான் அடித்தளம். 28 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அந்தப் பயிற்சி முழுமையாகக் கிடைக்கவில்லை. தசைகள் தளர்வாக இருந்த நாள்களில் அவள் தட்டையான படுக்கையில், ஈர்ப்புவிசை கையையும் காலையும் அகல விரித்து அழுத்தும்படி கிடந்தாள். தாதியர் துணிச்சுருள்களால் கூடு போல அணை கட்டியும் அந்தக் குறை முழுவதும் தீர்வதில்லை. அதனால் முதுகுப்பக்கத் தசைகள் முந்திக்கொள்கின்றன, வயிற்றுப்பக்கத் தசைகள் பின்தங்குகின்றன. இப்படிப்பட்ட குழந்தையை நிறுத்தினால், உடலைத் தாங்க வயிற்றுத் தசை உதவாததால் முதுகையும் கால்களையும் விறைத்துத்தான் நிற்க முடியும். நீங்கள் பலம் என்று பார்ப்பது அந்த விறைப்பைத்தான். தினமும் அரை மணி நேரம் வாக்கரில் விடும்போது, அவள் மறக்க வேண்டிய பழக்கத்தை நாமே திரும்பத் திரும்பப் பழக்குகிறோம்.

“நாங்களெல்லாம் நடைவண்டியில் வளர்ந்தவர்கள்தானே?” என்ற கேள்வியும் உடனே வரும். நம் ஊர் மரநடைவண்டி வேறு, இந்த வாக்கர் வேறு. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தைதான் அதைத் தள்ளியது. வாக்கரிலோ உட்காரவே தெரியாத குழந்தையைத் துணி இருக்கையில் தொங்கவிடுகிறோம். வாக்கர் நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகளின் காரணமாகக் கனடா 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்தது. பிள்ளைத்தமிழ் பாடியவர்களுக்கும் இந்த வரிசை தெரிந்திருந்தது. கையூன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், அதற்கும் பிறகுதான் தளர்நடை இடும் வருகைப் பருவம். நம் குழந்தை இன்னும் செங்கீரைக்கே வரவில்லை.

அப்படியானால் அவளுக்கு என்ன வாங்கலாம் என்று மாமா கேட்டார். நான் சொன்னவை மிகச் சில. தரையில் விரிக்க, அழுத்தினால் அமிழாத விரிப்பு ஒன்று. மெத்தை மேல் விளையாடவிட்டால் கையூன்ற முடியாது. உடையாத சிறு கண்ணாடி ஒன்று. பெரியவர்களின் சுண்டுவிரல் பருமனே உள்ள பிடியோடு, மிக இலேசான, மெல்ல ஒலிக்கும் கிலுகிலுப்பை ஒன்று. கனமான வெள்ளிக் கிலுகிலுப்பையை அவளால் தூக்க முடியாது, தூக்கினாலும் தன் முகத்திலேயே போட்டுக்கொள்வாள். கறுப்பு வெள்ளைக் கோடுகளோ கட்டங்களோ உள்ள துணிப் படம் ஒன்று. இவ்வளவே போதும். விளக்கு மின்னி, பாட்டுப் பாடி, சுழலவும் செய்யும் பொம்மைகளை இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஒரே நேரத்தில் வெளிச்சம், ஓசை, அசைவு மூன்றையும் வாங்கிக்கொள்ள இந்தக் குழந்தையின் நரம்பு மண்டலத்துக்கு இன்னும் வலு வரவில்லை. ‘மூன்று வயதுக்குக் கீழ் ஏற்றதன்று’ என்ற எச்சரிக்கை வேறு வகை. அது பெரும்பாலும் மூச்சுக்குழாயை அடைக்கும் சிறு பாகங்களைப் பற்றியது, எந்தக் கணக்கிலும் அதை மீறக் கூடாது. கழிவறைத் தாள் சுருளின் நடுக்குழலுக்குள் நுழையும் எதையும் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஆசையாகப் போடும் சின்ன மோதிரமும் கழன்று வாய்க்குள் போகக்கூடியதுதான்.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். நான் அந்தத் தாய்க்குச் செய்து காட்டியது இதுதான். பால் குடித்து அரை மணி நேரம் கழித்து, கண்கள் தெளிவாகவும் கைகால்கள் அமைதியாகவும் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். முதலில் தாய் நாற்காலியில் சற்றுச் சாய்ந்து அமர்ந்து, குழந்தையைத் தன் மார்பின் மேல் கவிழ்த்துப் படுக்க வைத்துக்கொள்கிறார். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் அவளுடைய செங்கீரைப் பயிற்சி. தட்டையான தரையில் கவிழ்த்தால் அழும் குழந்தைகளும் இந்தச் சாய்வில் தலையைத் தூக்குவார்கள்.

அடுத்து விரிப்பில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டை அணையாக வைக்க வேண்டும். இந்த நிலையில் ஈர்ப்புவிசை அவளுக்கு எதிராக இருக்காது, கைகள் இரண்டும் தாமாகவே முன்னால் வந்து சேரும். நெஞ்சுக்கு நேரே, முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிலுகிலுப்பையைக் காட்டுங்கள். காட்டிவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். குறைமாதக் குழந்தைக்குப் பார்த்து, புரிந்து, கையை நீட்ட நேரம் பிடிக்கும். அவள் கை பாதி வழியில் வரும்போதே நாம் அடுத்த பொம்மையை ஆட்டிவிட்டு, “இவள் எதையும் கவனிப்பதில்லை” என்று சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு மறுபக்கம் ஒருக்களிக்க வேண்டும். கடைசியாக மல்லாந்த நிலையில் இடுப்பின் கீழ் உங்கள் கையைக் கொடுத்துச் சற்றே உயர்த்தி, அவள் கைகள் தன் முழங்காலைத் தொடும்படி செய்யுங்கள். இங்கே பாட்டிக்கு வேலை இருக்கிறது. ‘கைவீசம்மா கைவீசு’ என்று குரல் தாழ்த்திப் பாடி, இரண்டு கைகளையும் நடுவில் சேர்த்துவிடலாம். ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ தலை நன்றாக நின்ற பிறகு, மடியில் வைத்து, மெதுவாக. மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். தூக்கம் வந்தால் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பொம்மையும் துண்டுச் சுருளும் தலையணையும் அங்கே கூடாது.

நிறுத்த வேண்டிய நேரத்தைக் குழந்தையே சொல்லிவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்வது, விரல்களை அகல விரிப்பது, அடுத்தடுத்துக் கொட்டாவி, தும்மல், விக்கல், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, முதுகை வளைப்பது ஆகிய எதுவும் ‘போதும்’ என்பதற்கான அடையாளம். முகத்தைத் திருப்பும் குழந்தையின் கண்ணெதிரே போய் மறுபடி நிற்பது அன்பு அன்று. பேச்சை நிறுத்தி, கைகளை மார்போடு சேர்த்து அணைத்து, அவள் திரும்பிப் பார்க்கும் வரை இருங்கள். உதடு நீலமாகி மூச்சுத் திணறினால் இது விளையாட்டுக் களைப்பு அன்று, உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தைக்கு, கவிழ்க்கும் பயிற்சிக்கு முன்னால் உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, திருத்திய வயது என்பது எல்லாவற்றுக்கும் சமாதானம் ஆகாது. அந்தக் கணக்கில் நான்கு மாதம் முடிந்தும் கைகள் எப்போதும் மூடியே இருந்தாலோ, தலை நிற்காவிட்டாலோ, கண்கள் முகத்தைப் பின்தொடராவிட்டாலோ, ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக்கொண்டாலோ, அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் முன்பதிவு செய்து அழைத்து வாருங்கள். ‘குறைமாதம்தானே, வந்துவிடும்’ என்று ஆறு மாதம் காத்திருந்து வருபவர்களைக் காணும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

பார்க்கப் போகும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்குவதற்கு முன் “பிரசவத் தேதி என்றைக்குக் குறித்திருந்தார்கள்?” என்று கேளுங்கள், பிறந்த நாளைக் கேட்காதீர்கள். உடுப்பு வாங்கினால் குழந்தையின் எடையைக் கேட்டு வாங்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சளி இருந்தால் போகாதீர்கள், வாசனைத் திரவியம் தவிருங்கள். குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதை வீட்டார் நிறுத்தியிருந்தால் வற்புறுத்தாதீர்கள். பல வாரம் மூச்சுக்கருவியில் இருந்த நுரையீரல் அது.

அந்த வாக்கரை மாமா மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்து, விரிப்பும் கண்ணாடியும் வாங்கி வந்தார். நேற்று அந்தத் தாய் ஒரு புதிய காணொளி அனுப்பியிருந்தார். குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், பாட்டி எதுவும் பேசாமல் காத்திருக்கிறார். எட்டாவது விநாடியில் மூடிய கை விரிந்து, மற்றொரு கையைத் தொடுகிறது.