பி-மரத்தில் ஒரு பிளவு வேர் வரை ஏறுவது எப்படி

பி-மரம் என்பது சாவிகளைக் கணுக்களில் வரிசைப்படி அடுக்கி வைக்கும் தரவுக் கட்டமைப்பு. அதில் புதிதாகச் சேர்க்கும் சாவி எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும் ஓர் இலைக் கணுவில்தான் போய் விழும். அங்கே இடமிருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. இலை நிரம்பியிருந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு கணுவில் அதிகபட்சம் 4 சாவிகள், வேரைத் தவிர மற்றவற்றில் குறைந்தது 2 என்று வைத்துக்கொள்வோம். நம் மரம் இது:

```
[20 40 60 80]
[5 10] [22 25] [43 47] [62 66 70 75] [85 90]
```

இப்போது 72-ஐச் சேர்க்க வேண்டும். வேரில் பார்த்தால் அது 60-க்கும் 80-க்கும் இடையில் வருகிறது; எனவே நான்காவது இலைக்கு இறங்குகிறோம். அந்த இலை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. 72-ஐத் தற்காலிகமாக உள்ளே விட்டால் 62, 66, 70, 72, 75 என ஐந்து சாவிகள் ஆகும். நடுவில் நிற்கும் 70 மேலே போகும். இடப்பக்கம் இருக்கும் 62, 66 பழைய கணுவிலேயே தங்கும்; 72, 75 புதிய கணுவுக்குப் போகும். இரண்டிலும் இரண்டிரண்டு சாவிகள் இருப்பதால் குறைந்தபட்ச விதியும் மீறப்படவில்லை.

மேலே போகும் 70 இலையிலிருந்து நீங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தரவுத்தளங்களில் அதிகம் புழங்கும் பி+ மரத்தில் இலை பிளக்கும்போது நடுச்சாவியின் நகல்தான் மேலே போகும். அசல் இலையிலேயே இருக்கும். இரண்டையும் குழப்பி எழுதினால், பி-மரத்தில் ஒரே சாவி இரண்டு இடங்களில் தென்படும், அல்லது பி+ மரத்தின் இலைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒரு பதிவு காணாமல் போயிருக்கும்.

தாய்க்கணுவுக்கு இப்போது 70-உம் புதிய இலைக்கான சுட்டியும் வந்து சேர்கின்றன. அங்கேயும் இடமில்லை. 20, 40, 60, 70, 80 என்று ஐந்து சாவிகள் ஆகிவிட, 60 நடுவில் நிற்கிறது. கீழே நடந்ததேதான் மீண்டும் நடக்கும். ஆனால் இந்தக் கணுவுக்குப் பிள்ளைகள் உண்டு. ஐந்து சாவிகளுக்கு ஆறு சுட்டிகள். முதல் மூன்று [20 40] உடனும், மற்ற மூன்று [70 80] உடனும் போக வேண்டும்.

நிரலில் பிழை அதிகம் நுழைவது இந்த இடத்தில்தான். சாவிகளைச் சரியாகப் பிரித்துவிட்டு, சுட்டிகளில் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு கிளை முழுவதும் அறுந்துபோகும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் ஓடும். 66-ஐத் தேடினால் மட்டும் ‘இல்லை’ என்று வரும். சோதனையின்போது ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தால் இதைப் பிடித்துவிடலாம்: இலையல்லாத கணு ஒவ்வொன்றிலும் சுட்டிகள் சாவிகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கின்றனவா, மரத்தை வரிசையாகப் படித்தால் மொத்தச் சாவிகள் கணக்குக்கு ஒத்துவருகின்றனவா.

வேரிலிருந்து வெளியேறிய 60-க்குப் போக்கிடம் இல்லை. அதற்கு மேலே கணுவே கிடையாது. அதனால் புதிய வேர் ஒன்று பிறக்கிறது:

```
[60]
[20 40] [70 80]
[5 10] [22 25] [43 47] [62 66] [72 75] [85 90]
```

ஒரே ஒரு சாவிக்காக மூன்று கணுக்கள் புதிதாக வந்துவிட்டன. வேருக்கு மட்டும் குறைந்தபட்ச விதியிலிருந்து விலக்கு தந்திருப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும்: அந்த விலக்கு இல்லாவிட்டால் 60 தனியாக நிற்க முடியாது. மரம் உயர்வது இந்த ஒரு வழியில்தான். உயரம் மேலே கூடுவதால் எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் ஒரு படி கீழே போகின்றன. ஒரு கிளை மட்டும் நீண்டுவிட வாய்ப்பே இல்லை. தனியாகச் சமநிலைப்படுத்தும் வேலையும் தேவைப்படுவதில்லை.

வேர் மாறினால் அதன் முகவரியைக் குறித்து வைத்திருக்கும் இடங்களையும் திருத்த வேண்டும். இதை மறந்தால், தேடல் பழைய வேரான [20 40]-இல் தொடங்கி, மரத்தின் வலப்பாதியைப் பார்க்காமலேயே முடிந்துவிடும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் இதற்கு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. அதில் கணு ஒவ்வொன்றும் கோப்பின் ஒரு பக்கம். வேர்ப் பக்கத்தின் எண்ணை அது மாற்றுவதில்லை. வேரின் உள்ளடக்கத்தைப் புதிய பிள்ளைப் பக்கத்துக்கு இறக்கிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பிளக்கிறது.

இவ்வளவு வேலையும் அடிக்கடி நடப்பதில்லை. பிளவு ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு கணுவையாவது கூட்டுவதால், மொத்தப் பிளவுகள் கணுக்களின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. கணுவுக்குக் குறைந்தது 100 சாவிகள் என்றால், சேர்க்க மட்டுமே செய்யும் மரத்தில் சராசரியாக 100 சேர்க்கைகளுக்கு ஒரு பிளவுகூட வராது. அவற்றிலும் வேர் வரை ஏறுபவை மிகச் சிலவே.

சாவிகள் ஏறுவரிசையிலேயே வந்துகொண்டிருந்தால் மட்டும் சரிபாதிப் பிளவு வீணடிக்கும். இடப்பக்கக் கணுக்களுக்கு இனி எதுவும் வராது; அவை பாதி காலியாகவே கிடக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதனால் வலக்கோடி இலையைச் சரிபாதியாகப் பிளக்காமல், வழக்கமான அமைப்பில் இடப்பக்கத்தில் சுமார் 90 சதவீதத்தை நிரப்பி விட்டுவிடுகிறது.