கம்மாய்க்கரை 'அம்மா கரை' ஆன கதை

மணிக்கட்டு வலியால் மூன்று மாதம் கீபோர்டைத் தொட முடியாமல் போனது. அந்த நாட்களில் போனிடம் பேசித்தான் எல்லாவற்றையும் எழுதினேன். ஒருநாள் "மாலையில் கம்மாய்க்கரையில் காற்று வாங்கினேன்" என்று சொன்னேன். திரையில் "மாலையில் அம்மா கரையில் காற்று வாங்கினேன்" என்று வந்தது. அழித்துவிட்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மறுபடியும் அம்மாதான். மூன்றாவது தடவை "குளக்கரையில்" என்று மாற்றிச் சொன்னேன், உடனே சரியாக வந்துவிட்டது. வேலை முடிந்தது, ஆனால் எங்கள் ஊர்ச் சொல் போய்விட்டது.

அதே மாதங்களில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைப் பேசி எழுதி ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். "எங்கள் மென்பொருள் இதை ஏஐ எழுதியது என்று காட்டுகிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. வலியோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசி எழுதியவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோபம் தணிந்த பிறகுதான் இந்த இரண்டு கருவிகளும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று தேடிப் படித்தேன். கம்மாய் காணாமல் போனதற்கும் கட்டுரை மாட்டிக்கொண்டதற்கும் காரணம் ஒன்றுதான்.

முதலில் பேச்சை எழுத்தாக்கும் கருவியைப் பார்ப்போம். அது காதை மட்டும் நம்பி எழுதுவதில்லை. நம் பேச்சில் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், பக்கத்தில் மின்விசிறி சத்தம் இருக்கும், பாதி எழுத்தை விழுங்கிவிடுவோம். அதனால் ஒரே ஒலிக்குப் பல வாசிப்புகள் சாத்தியம். எதை எடுப்பது என்று முடிவு செய்ய, "இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வழக்கமாக வரும்?" என்ற அறிவும் சேர்ந்து வேலை செய்கிறது. கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து கற்ற அறிவு அது. ஒலி தெளிவாக இல்லாத இடத்தில் அதிகம் புழங்கும் சொல்தான் ஜெயிக்கும். கற்ற வாக்கியங்களில் 'அம்மா' எத்தனை லட்சம் தடவை வந்திருக்கும், 'கம்மாய்' எத்தனை தடவை வந்திருக்கும்?

அப்புறம் இன்னும் சில வேலைகளையும் அது சத்தமில்லாமல் செய்கிறது. 'அது வந்து', 'ம்ம்' போன்ற இழுவைகளைப் பல கருவிகள் விட்டுவிடுகின்றன. முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் தானே போட்டு, நீண்டு வளைந்த பேச்சை அளவான வாக்கியங்களாக நறுக்குகிறது. எழுத்துப்பிழை பெரும்பாலும் இல்லாமல் போகிறது, ஏனென்றால் வருவதில் பெரும்பகுதி அது ஏற்கெனவே கற்ற சொற்கள். தப்பு வந்தால் பெரும்பாலும் முழுச்சொல்லாகத்தான் வரும்.

இப்போது ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளுக்கு வருவோம். இவற்றில் பலவும் பெர்ப்ளெக்சிட்டி என்ற அளவையோ அதன் உறவுக்காரர்களையோ நம்பியிருக்கின்றன. விஷயம் எளிதுதான். அடுத்து வரும் சொல்லை ஊகிக்கப் பழக்கப்பட்ட ஒரு மொழி மாதிரியிடம் உங்கள் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் அது சராசரியாக எத்தனை சொற்களுக்கு நடுவே தடுமாறியது என்று கணக்குப் போடுகிறார்கள். தடுமாற்றம் குறைவு என்றால் எழுத்து எளிதில் ஊகிக்கத்தக்கது, ஆகவே மெஷின் எழுதியிருக்கலாம் என்று சந்தேகம்.

என் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. "மாலையில் குளக்கரையில் காற்று வாங்கினேன்" என்பதில் நான்கு சொற்கள். முதல் இரண்டு இடங்களில் மாதிரி 4 சொற்களுக்கு நடுவிலும், அடுத்த இரண்டு இடங்களில் 2 சொற்களுக்கு நடுவிலும் தடுமாறியது என்று வைப்போம். நான்கையும் பெருக்கினால் 64. நான்கு சொற்கள் என்பதால் அதன் நான்காம் மூலத்தை எடுத்தால் ஏறக்குறைய 2.8. இதுதான் அந்த வாக்கியத்தின் பெர்ப்ளெக்சிட்டி. இப்போது குளக்கரையை எடுத்துவிட்டுக் கம்மாய்க்கரையை வைப்போம். மாதிரி கொஞ்சமும் எதிர்பார்க்காத சொல், அதனால் அந்த ஒரே இடத்தில் 4 என்பது 512 ஆகிறது. பெருக்கினால் 8192, நான்காம் மூலம் சுமார் 9.5. ஒரே ஒரு ஊர்ச் சொல் எண்ணை மூன்று மடங்குக்கு மேல் தூக்கிவிட்டது.

என் பேச்சுக் கருவி பிடுங்கிப் போட்டது சரியாக அந்தச் சொல்லைத்தான். எதிர்பார்க்கக்கூடிய சொல்லை எடு என்று ஒரு கருவி எழுத்தைத் தள்ளுகிறது. எதிர்பார்க்கக்கூடிய சொற்களே இருக்கின்றன, ஆகவே இது மனிதர் எழுதியதல்ல என்று அடுத்த கருவி சொல்கிறது. வாக்கிய நீளத்திலும் இதே கதைதான். மனிதர் எழுத்தில் நெடிய வாக்கியமும் குட்டி வாக்கியமும் மாறி மாறி வரும் என்பது சில மென்பொருள்களின் எதிர்பார்ப்பு. தானாகப் புள்ளி வைக்கும் கருவி அந்த மேடுபள்ளத்தையும் சமன் செய்துவிடுகிறது.

அடுத்த சொல்லைப் பட்டியலிட்டுக் காட்டும் சொல் ஊகிப்புப் பலகையை நம்பி எழுதுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒவ்வோர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும் பாடுபட வேண்டியவர்கள், பட்டியலில் முதலில் நிற்கும் சொல் ஏறக்குறையப் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்வார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையை அசைத்துத்தான் எழுதினார். இன்டெல் நிறுவனம் அவருக்காக அமைத்த கருவியில் இருந்த சொல் ஊகிப்பு, அவருடைய நூல்களையும் உரைகளையும் வைத்துப் பழக்கப்பட்டது. அதனால் அது ஊகித்தது அவருடைய நடையை. நம் போனில் இருப்பது பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானது, அது அதிகம் ஊகிப்பது எல்லோருடைய சராசரியை.

தடுமாற்றம் குறைந்த எழுத்து அநியாயமாக மாட்டிக்கொள்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியதாகக் காட்டின. பிறகு அதே கட்டுரைகளின் சொற்களை மட்டும் சாட்ஜிபிடியைக் கொண்டு வளமாக்கிக் கொடுத்தபோது தவறு 12 சதவீதத்துக்கு இறங்கியது. மெஷின் கை வைத்த பிறகு மனித எழுத்தாகத் தெரிகிறது! பேச்சுக் கருவியில் எழுதுபவர்கள் அந்த ஆய்வில் இல்லை, ஆனால் அதே குறுகிய சொல்வட்டத்தில் அவர்களும் அகப்பட வாய்ப்புண்டு.

தவறு ஒரு சதவீதம்தான் என்று விற்பவர் சொன்னாலும் அது சின்ன எண் அல்ல. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023இல் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்குச் சொன்னது. முந்தைய ஆண்டில் அவர்கள் சரிபார்ப்புக்கு அனுப்பியவை 75,000 கட்டுரைகள். ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள் தவறாக மாட்டியிருக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே வெளியிட்ட கண்டுபிடிப்பானும், துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

சரி, நாம்தான் எழுதினோம் என்று எப்படிக் காட்டுவது? "ஆவணத்தின் திருத்த வரலாற்றைக் காட்டுங்கள்" என்பது வழக்கமான பதில். தட்டச்சு செய்பவருக்கு அது உதவும். பேசி எழுதுபவருக்கு அங்கேயும் சிக்கல். எழுத்து எழுத்தாக வராமல் முழு வரிகள் ஒரே நொடியில் வந்து விழும். சில மென்பொருள்களில் தனிப் பெட்டியில் பேசி முடித்து மொத்தமாக ஆவணத்துக்கு மாற்ற வேண்டும். வரலாற்றைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போலத்தான் தெரியும்.

என்னைக் காப்பாற்றியது நான் அழிக்காமல் விட்டிருந்த முதல் வரைவு. அதில் 'அம்மா கரை' போலவே ஆங்கிலத்தில் ஆறேழு தப்புகள் இருந்தன. ஓரிடத்தில் குளக்கரைக்கு நான் சொன்ன 'டேங்க் பண்ட்' என்ற சொல், நன்றி சொல்லும் 'தேங்க்' ஆகிக் கிடந்தது. வாக்கியத்தில் பொருளே இல்லை, ஆனால் வாய்விட்டுப் படித்தால் நான் சொன்னது கேட்கும். காதால் கேட்டு எழுதும்போது வரும் தப்பு அது. கேட்காமல் எழுதும் மெஷினிடமிருந்து அப்படி ஒரு தப்பு வருவது அரிது. இதழாசிரியரிடம் அந்த வரைவை அனுப்பி, பக்கத்தில் நான் உண்மையில் சொன்னது என்ன என்று எழுதிக்கொடுத்தேன். மறுநாளே கட்டுரையை ஏற்றுக்கொண்டார். இப்போது கை குணமாகிவிட்டது. ஆனாலும் பேசி எழுதும் நாட்களில் திருத்துவதற்கு முன்னால் வரைவை அப்படியே ஒரு தனிக் கோப்பில் போட்டுவிடுகிறேன், முடிந்தால் ஒலிப்பதிவோடு. திருத்தும்போது குளக்கரையைக் கையாலேயே கம்மாய்க்கரை என்று மாற்றியும் விடுகிறேன்.