பன்றிக் கொட்டிலில் பெருகும் மூளைக்காய்ச்சல்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ஒரு வயது முடிகிறது. ஜே.ஈ. ஊசி போட வரச்சொல்லி கிளினிக்கில் சொன்னார்கள். எங்கள் பக்கம் வயலும் இல்லை, பன்றியும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டாயிற்று. பிறகு இவனுக்கு எதற்கு?"

நியாயமான கேள்விதான். சின்னமுத்துக்கு எதிராக ஊரில் எல்லோரும் ஊசி போட்டிருந்தால், போடாத ஒரு பிள்ளையும் பெரும்பாலும் தப்பிவிடும். ஜே.ஈ. எனப்படும் ஜப்பான் மூளைக்காய்ச்சலில் அந்தக் கணக்கு செல்லாது. அது ஏன் என்று தெரிய, இந்த வைரஸ் எங்கே பெருகுகிறது என்று பார்க்க வேண்டும்.

டெங்கு வைரஸின் உறவு இது. ஆனால் இதைக் காவுவது பூச்சாடியிலும் சிரட்டையிலும் வளரும் டெங்கு நுளம்பு அல்ல. நாற்று நட்டு நீர் கட்டிய வயலில் முட்டையிடும் கியூலெக்ஸ் இன நுளம்பு. பொழுதுபட்ட பிறகு, வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் மாடு பன்றிகளைத்தான் கடிக்கும். அதே வயலில் மேயும் கொக்கும் இராக்கொக்கும் நோய்க்குறி எதுவும் காட்டாமல் வைரஸை உடலில் வைத்திருக்கின்றன. கொக்கைக் கடித்த நுளம்பு பிறகு யாரைக் கடிக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

மாட்டைக் கடித்தால் கதை அங்கேயே முடிகிறது. மாட்டின் இரத்தத்தில் வைரஸ் அடுத்த நுளம்பைத் தொற்றவைக்கும் அளவுக்கு ஏறுவதில்லை. பன்றியில் நடப்பது வேறு. கடிபட்டு ஓரிரு நாளில் அதன் இரத்தத்தில் வைரஸ் பல்கிப் பெருகி, சில நாட்களுக்கு அப்படியே நிற்கும். அந்த நாட்களில் கொட்டிலுக்கு வரும் நுளம்புகளில் கணிசமானவை வைரஸை உறிஞ்சிக்கொண்டு போகும். பன்றிக்கோ பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, தின்றுகொண்டே இருக்கும். பிறகு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஆனால் பண்ணைப் பன்றி ஒரு வயதுக்கு முன்பே இறைச்சிக்குப் போகிறது. அதன் இடத்துக்கு வரும் புதுக் குட்டிகளுக்குத் தாயிடமிருந்து கிடைத்த பாதுகாப்பும் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அதனால் கொட்டிலில் எப்போதும் வைரஸுக்கு இடம் கொடுக்கும் உடல்கள் இருந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. ஒரு கொட்டிலில் 20 குட்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கொக்கிடம் தொற்றிய நுளம்புகள் முதலில் 4 குட்டிகளைத் தொற்றவைக்கின்றன. அந்த நாலின் இரத்தத்தைக் குடித்து 500 நுளம்புகள் வைரஸைப் பெறுகின்றன. ஆனால் அவை உடனே நோயைப் பரப்ப முடியாது. குடித்த இரத்தம் போய்ச் சேர்வது குடலுக்கு. அங்கிருந்து வைரஸ் குடற்சுவரைத் தாண்டி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்தால்தான் அடுத்த கடியில் வெளியே வரும். வெப்பம் 28 பாகை அளவில் இருந்தால் இதற்கு ஏறத்தாழ 10 நாள் பிடிக்கும். குளிரான இடத்தில் இன்னும் நீளும். நுளம்பின் வாழ்வில் 10 நாள் என்பது பெரிய காலம். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 80 பிழைக்கின்றன என்று கொண்டால்கூட, பத்தாம் நாளில் 500 இல் 50 சொச்சம்தான் மிஞ்சும்.

அந்த 50 போதும். அவை மீதி 16 குட்டிகளைத் தொற்றவைக்க, இப்போது நாலுக்குப் பதில் 16 குட்டிகள் வைரஸை வழங்குகின்றன. இன்னொரு 10 நாளில் ஊரைச் சுற்றும் தொற்று நுளம்புகளின் தொகை பல மடங்காகிறது. ஜப்பானில் பன்றிகளின் இரத்தத்தைக் கிரமமாகச் சோதித்தவர்கள் இந்த இரண்டு அலைகளையும் கண்ணாரக் கண்டார்கள்: முதலில் ஒரு சிறு பங்கு பன்றிகளில், வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், இரண்டு வாரமளவில் ஏறக்குறைய எல்லாவற்றிலும். மனிதர் நோயுறுவது இரண்டாவது அலையோடும் அதன் பின்னும்தான்.

இலங்கையில் இது நடந்த விதத்தைப் பாருங்கள். வைரஸ் இங்கே 1968 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பெருந்தொற்று வந்ததோ 1985–86 இல், அனுராதபுரம் பக்கத்தில். இடையில் மகாவலித் திட்டத்தால் புதிய வயல்கள் வந்தன, அந்தக் குடியேற்றக் கிராமங்களில் மேலதிக வருமானத்துக்கென்று பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. நீரும் கொக்கும் பன்றியும் ஒரே இடத்தில் சேர்ந்தன. 1987–88 அலையில் மட்டும் 750 க்கு மேற்பட்டோர் நோயுற்று, 130 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தொற்றில் நுளம்பையும் பன்றியையும் மனிதரையும் சேர்த்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மாலிக் பீரிஸ். 2003 இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் என்று உலகம் அறிந்தவர். வயல்வெளியில் நுளம்பு பிடிக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்று நினைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது கேள்விக்கு வருவோம். மனிதரும் மாட்டைப் போல்தான். நம் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக, மிகச் சில நாளே இருப்பதால், நம்மைக் கடிக்கும் நுளம்புக்கு அது தொற்றுவதில்லை. ஆக, நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஊசி போட்டாலும் கொக்குக்கும் பன்றிக்கும் நடுவே சுற்றும் வைரஸ் ஒரு துளியும் குறையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஊசி உங்கள் மகனுக்குக் குடை பிடிக்காது. கொழும்பும் தள்ளி நிற்கும் இடமல்ல: ஜா-எல பக்கத்திலிருந்து வடக்கே நீளும் கரையோரம்தான் நாட்டில் பன்றிப் பண்ணைகள் அதிகமுள்ள பகுதி. லீவுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போகாத தமிழ்க் குடும்பம் இங்கே எத்தனை? அதுவும் பெரும்போக வயல் நிறைந்திருக்கும் மார்கழி விடுமுறையில்.

தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே மூளை பாதிக்கப்படும். ஆனால் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள், தப்புவோரில் பலருக்கு வலிப்போ, கைகால் இயலாமையோ, படிப்புக் குறைவோ தங்கிவிடுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. 1988 இல் இங்கே தொடங்கிய ஊசி எலி மூளையில் தயாரித்த பழைய வகை. பல தடவை போட வேண்டியிருந்தது. 2009 முதல் பயன்படுவது சீனாவில் உருவான, வீரியம் குறைக்கப்பட்ட உயிர் வைரஸ் ஊசி. 12 மாதம் முடிந்ததும் ஒரே ஒரு தடவைதான்.

ஊசி நன்றாக வேலை செய்வதால் ஒரு சிக்கலும் உண்டு. நோயாளிகள் குறைந்தால் வைரஸும் போய்விட்டது போலத் தெரியும். ஆகவே மனிதரை மட்டும் எண்ணிக் கண்காணிக்க முடியாது. 2022 இல் தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில், அதுவரை இந்த நோய் கண்டிராத பகுதிகளில், பண்ணைகளில் குட்டிகள் இறந்தும் வற்றியும் பிறந்ததே முதல் தடயமாக இருந்தது. சினைப் பன்றிக்குத் தொற்றினால் அப்படித்தான் ஆகும். இறைச்சிக்கு வரும் இளம் பன்றிகளின் இரத்தத்தை மழைக்காலத்தில் கிரமமாகச் சோதித்தாலே முதல் அலை பிடிபட்டுவிடும், சில வாரம் முன்கூட்டியே எச்சரிக்கையும் கிடைக்கும். பன்றி இறைச்சி தின்பதால் நோய் வராது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வைத்தியசாலையில் நோயை உறுதிப்படுத்துவதும் லேசல்ல. காய்ச்சலும் வலிப்புமாகப் பிள்ளை வரும்போது இரத்தத்திலிருந்து வைரஸ் போய்விட்டிருக்கும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடினால், டெங்கு மலிந்த கொழும்பில் அதன் எதிர்ப்பொருளே இதைப் போலத் தோன்றிக் குழப்பும். அதனால்தான் முதுகிலிருந்து மூளைத்தண்டுவட நீரை எடுத்து, அதில், புதிய தொற்றில் முதலில் தோன்றும் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருளைப் பார்க்கிறார்கள். "முதுகில் ஊசி குத்தினால் பிள்ளை நடக்காது" என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ஊசி இறங்குவது முள்ளந்தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, அதனால் நடை போகாது. இன்னொன்று: நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த நீரில் எதிர்ப்பொருள் இன்னும் வந்திராமல் இருக்கலாம். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும், ஒரு வாரம் பத்து நாள் கழித்து வைத்தியர் மறுபடி சோதிக்கக் கேட்டால் சம்மதியுங்கள்.