மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தண்ணீரைத் தேக்கிப் பாருங்கள்

"சார், சீலிங்ல ஒழுகுது, உடனே ஆளை அனுப்புங்க" என்று நவம்பரில் போன் வந்தால் என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. ஈரமான தளத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. ஒட்டியது போல் தெரிந்தாலும் தை மாத வெயிலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கிறது. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கும், கண்டதைச் சரிசெய்து காயவிடுவதற்கும் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான் உள்ள நாட்கள்.

எவ்வளவு தண்ணீருக்கு வீட்டைத் தயார்செய்கிறோம் என்று முதலில் ஒரு கணக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஏறத்தாழ 43 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி மூன்றரை வந்து உங்கள் மாடியில் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம். இவ்வளவும் மூலையில் இருக்கும் நாலு அங்குலக் குழாய் வழியாக இறங்க வேண்டும். வேப்பிலை, பட்ட நூல், காக்கை கொண்டுவந்து போட்ட குச்சி எல்லாம் சேர்ந்து அந்த வாயை அடைத்துவிட்டால் மாடி தொட்டியாகிவிடும். ஏறி நடமாடும் மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்று கணக்கிட்டுத்தான் தளம் போடுகிறோம். அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அந்த 150 கிலோ வந்துவிடும். ஆகவே குழாய் வாயைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல், கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து மூன்று, நான்கு அங்குல உயரத்தில் இன்னொரு வெளியேற்றுத் துளையும் போடச் சொல்கிறேன். கீழ்க்குழாய் அடைத்தாலும் தண்ணீர் மேலே ஏறாது.

ஒழுகலுக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாடியில் கண்ணுக்குத் தெரியும் விரிசலையெல்லாம் அடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் படுக்கையறையின் வெளிமூலையில், சீலிங்குக்கு ஒன்றரை அடி கீழே, மழைக்கு மழை ஈரம் படர்ந்தது. இரண்டு ஆண்டு தொடர்ந்து மாடி முழுக்கப் பூச்சு அடித்தும் ஈரம் போகவில்லை. மூன்றாவது முறையும் அடிக்கலாமா என்று கேட்டுத்தான் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பூச்சு வேண்டாம், தண்ணீரைத் தேக்கிப் பார்ப்போம் என்றேன்.

களிமண்ணால் நாலு அங்குல உயரத்துக்கு வரப்புக் கட்டி மாடியை மூன்று பாத்தியாகப் பிரித்தோம். முதலில் நடுப்பாத்தியில் மட்டும் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, விளிம்பில் பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்திலேயே ஒரு அகலமான தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டோம். வெயிலில் தட்டிலும் தண்ணீர் குறையும், பாத்தியிலும் குறையும். பாத்தியில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால்தான் அது கசிவு. மறுநாள் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவுதான் குறைந்திருந்தது, கீழே சீலிங்கும் காய்ந்தே இருந்தது. அந்த நடுப்பாத்தியில்தான் விரிசல் அதிகம். அவை மேல்காரையில் வெயிலால் விழுந்த முடி விரிசல்கள், கீழே இறங்கவில்லை.

அடுத்து, குழாய் இருந்த மூலைப்பாத்தி. குழாய் வாயை உள்ளே தள்ளிய ஈரச்சாக்கால் அடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டோம். மாலைக்குள் படுக்கையறை மூலையில் ஈரம் கறுத்துக்கொண்டு வந்தது. கசிவு குழாயைச் சுற்றியிருந்த இடுக்கில். பிவிசி குழாயின் வழவழப்பில் சிமெண்ட் பிடிக்காது. காயும்போது கலவை சற்றே சுருங்கி, குழாயைச் சுற்றி நகக்கண் அளவு வழி விட்டுவிடும். மாடித் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான்.

சரிசெய்யப் பெரிய செலவில்லை. குழாயைச் சுற்றி ஒரு கையகலம் கொத்தி எடுத்தோம். குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, குழாய் ஒட்டும் பசையைத் தடவி அதன்மேல் உலர்ந்த மணலைத் தூவினோம். அது காய்ந்தபின் சிமெண்ட் பிடிக்கும். காயும்போது சுருங்காத கிரவுட் கலவையை ஊற்றி, மேலே வலை வைத்து நீர்த்தடுப்புப் பூச்சைக் குழாயின் உள்வாய் வரை இழுத்துவிட்டோம். ஒரு வாரம் காயவிட்டு அதே மூலையில் மறுபடி தண்ணீர் தேக்கினோம். சுவர் காய்ந்தே நின்றது. தேக்கிப் பார்க்காமல் கணக்கை முடித்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சோதனை எல்லா வீட்டுக்கும் ஆகாது. சீலிங்கில் நேர்கோட்டில் விரிசல் ஓடி, அதன்மேல் துருக்கறை தெரிந்தாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ, குச்சியால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ மாடியில் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தேவனாம்பட்டினம், முதலியார்பேட்டை மாதிரிக் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே விரிசலை அடைப்பதால் அது நிற்காது. பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் நீளவாக்கில் விழும் விரிசல் வேறு வகை. வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. வெறும் சிமெண்டால் அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். கொஞ்சம் இழுபடும் சீலண்ட் அங்கே வேண்டும்.

தகரக் கூரையின் தாழ்வாரக் கால்வாயில் ஒரு வாளித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றிப் பாருங்கள். குழாய்ப் பக்கம் ஓடாமல் நடுவில் நின்றால் கிளாம்பு தொய்ந்திருக்கிறது.

கீழே தரையில் வேறு தொல்லை. தெருவைப் போட்டுப் போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் பலவும் பள்ளத்தில் நிற்கின்றன. கொத்தனாரிடம் உள்ள டியூப் லெவலால் உங்கள் வீட்டு வடிகால் வாயையும் தெருச் சாக்கடையின் மேல்விளிம்பையும் ஒப்பிடுங்கள். உங்களுடையது தாழ்வாக இருந்தால் சாக்கடை நிரம்பும் நாளில் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். வீட்டு வடிகால் தொட்டியில் ஒருவழி வால்வு வைக்கலாம். ஆனால் அது மூடியிருக்கும்போது உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. எனவே மாடிக்குழாயை அந்தத் தொட்டியில் சேர்க்காமல் மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். கழிவறைத் தொட்டியில் எந்த நிலையிலும் சேர்க்க வேண்டாம்.

வெளி ஒயரிங்கை ஒயர்மேனை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேட் விளக்கு, மோட்டார் சுவிட்ச், மாடித் தொட்டிக்குப் போகும் ஒயர் ஆகியவற்றில் டேப் மட்டும் சுற்றிய இணைப்பு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறி நுழைய வேண்டும். நேராக நுழைந்தால் மழைத்தண்ணீர் ஒயரோடு உள்ளே போகும். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை சர்வீஸ் குழாயில் கட்டியிருப்பதை இன்னமும் பார்க்கிறேன். அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழுந்தாலும் அந்தக் கருவி வேலை செய்கிறது என்றுதான் பொருள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும். மீட்டருக்கு முந்தைய சர்வீஸ் ஒயர் உரிந்திருந்தால் நீங்களோ ஒயர்மேனோ தொடாமல் மின்துறையில் புகார் கொடுங்கள்.

மழையில் ஃபேன் கொக்கியிலோ விளக்கு பாயிண்டிலோ தண்ணீர் சொட்டினால் மாடிக் கசிவு கான்கிரீட்டில் புதைந்த ஒயர்க் குழாய்க்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சுவிட்ச் போர்டைத் தொடாமல், காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். மெயின் போர்டே நனைந்திருந்தால் அதையும் தொடாதீர்கள், மின்துறைக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். ஒயர்மேன் வந்து சோதித்துச் சொல்லும்வரை அந்த லைனை மறுபடி போட வேண்டாம்.